பிள்ளைக்குப் பொதுத்தேர்வு: நைட் ஷிப்ட்டிலிருந்து பகலுக்கு மாறக் கேட்பது எப்படி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து ஓராண்டு, இரண்டாண்டு ஆகியிருக்கும். வீட்டில் மூத்த பிள்ளை பத்தாவது படிக்கும். மார்ச் வரும்போது, "இந்த ஒரு மாசம் மட்டும் நைட் வேணாம் சார்" என்று எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தேர்வு என்றால் ஷிப்ட்டை மாற்றித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. லீவு விஷயம் வேறு, அதற்குக் கணக்கும் விதியும் உண்டு. ஷிப்ட் மாற்றம் முழுக்க முழுக்க வேண்டுகோள்தான். அதனால் மேலே இருப்பவர் "சரி" என்று சொல்வதற்கு வழி செய்து கொடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. அவருக்கு எந்த வேலையும் மிச்சம் வைக்காமல் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தேர்வு அட்டவணையின் கீழே ஷிப்ட் சார்ட்டை வையுங்கள்

நிறையப் பேர் செய்வது, "மார்ச், ஏப்ரல் முழுக்க டே ஷிப்ட் வேணும்" என்று மொத்தமாகக் கேட்பது. இரண்டு மாதம் என்று காதில் விழுந்ததுமே இன்சார்ஜ் முகம் மாறிவிடும். கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து மேலே தேர்வுத் தேதிகளையும், அதன் கீழே அந்தந்த வாரத்தில் உங்களுக்கு வரும் ஷிப்ட்டையும் எழுதிப் பாருங்கள். தேவை எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரியும்.

தேர்வுத் தேதிகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் பல மாதம் முன்பே வெளியிட்டுவிடும். dge.tn.gov.in தளத்திலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கிடைக்கும். ஹால் டிக்கெட் வரட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தேர்வை ஒட்டித்தான் கைக்கு வரும். அதற்குள் அந்த மாதத்து ஷிப்ட் சார்ட் ஒட்டியாகிவிட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூர்க்காரர், மணலி பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் அட்டெண்டன்ட். ஏ ஷிப்ட் காலை 6 முதல் பகல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. ஞாயிறு ஆலைக்கே விடுமுறை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட்டாக ஏ, பி, சி என்று சுற்றி வரும். 2025-ல் அவர் மகள் பத்தாம் வகுப்பு எழுதினாள். அந்த ஆண்டு அட்டவணை இப்படி: மார்ச் 28 தமிழ், ஏப்ரல் 2 ஆங்கிலம், ஏப்ரல் 7 கணிதம், ஏப்ரல் 11 அறிவியல், ஏப்ரல் 15 சமூக அறிவியல். இடையில் ஏப்ரல் 4 விருப்ப மொழி, அது அவளுக்கு இல்லை. ஆக ஐந்து தாள், பத்தொன்பது நாள்.

அவர் முதலில் ஒரு மாதம் முழுக்க ஏ ஷிப்ட் கேட்கப் போனார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, அவருடைய சார்ட்டை அட்டவணையின் கீழே எழுதினோம். மார்ச் 24 முதல் 29 வரை சி. மார்ச் 31 முதல் ஏப்ரல் 5 வரை ஏ. ஏப்ரல் 7 முதல் 12 வரை பி. 14-ஆம் தேதி வாரம் மறுபடி சி.

இப்போது வாரம் வாரமாகப் பாருங்கள். மார்ச் 24 வாரம் வெள்ளிக்கிழமை தமிழ்த் தேர்வு. முதல் தேர்வுக்கு முந்தைய நாலு ராத்திரியும் அப்பா வீட்டில் இல்லை. இது மாற வேண்டிய வாரம். அடுத்தது ஏ ஷிப்ட், அதில் மாற்ற ஒன்றுமில்லை. பி வாரத்தில் திங்கள் கணிதம், வெள்ளி அறிவியல். கணிதத்துக்கு முந்தைய நாள் ஞாயிறு, ஆள் வீட்டில்தான். அறிவியலுக்கு முந்தைய வியாழன் மட்டும் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு வருவார். அந்த ஒரு நாளைக்கு லீவு போட்டால் போதும். கடைசி வாரத்தில் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, அவர்கள் ஆலையில் விடுமுறை. அதனால் அன்று இரவு சி ஷிப்ட்டே கிடையாது. 15-ஆம் தேதி பகலில் தேர்வு முடிந்துவிடும், இரவு 10 மணிக்கு அவர் வழக்கம்போல நைட்டுக்குப் போகலாம்.

ஒரு மாதம் என்று நினைத்தது, ஒரே ஒரு வாரம் மாற்றம், ஒரே ஒரு நாள் லீவு என்று சுருங்கிவிட்டது. இன்சார்ஜிடம் இதைக் கேட்பதும் ஒரு மாதம் கேட்பதும் ஒன்றல்ல.

சுற்று இல்லாமல் நிரந்தர நைட் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு சுருங்காது. ஆனாலும் தேர்வு தொடங்கும் வாரத்தின் திங்கள் முதல் கடைசித் தாள் வரை என்று தேதி போட்டுத்தான் கேட்க வேண்டும். "எக்ஸாம் முடியுற வரைக்கும்" என்று கேட்டால் அது எப்போது முடியும் என்று இன்சார்ஜுக்குத் தெரியாது.

எந்தப் பகல் ஷிப்ட்?

பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்கள் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத்து. பிள்ளை ஒன்பதரைக்குள் மையத்தில் இருப்பது நல்லது.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பிள்ளையைத் தேர்வு மையத்தில் கொண்டு விடுவதுதான் உங்கள் கவலை என்றால் அதற்கு ஏ ஷிப்ட் உதவாது. காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவீர்கள். சி ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வருபவர்கூடக் கொண்டு விட முடியும், தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். (அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவது வேண்டாத வேலை. மெட்ரோ இருக்கிற பக்கம் மெட்ரோவில் கூட்டிப் போங்கள்.) காலையில் கொண்டு விடுவதற்குத் தோதானது பி ஷிப்ட்தான். ஆனால் சாயங்காலமும் முன்னிரவும் போய்விடும்.

பெரும்பாலான வீடுகளில் உண்மையான பிரச்சினை காலையில் இல்லை. இரவிலும் பகல் தூக்கத்திலும்தான் இருக்கிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் குடியிருப்புகளில் ஒரு ஹாலும் ஒரு சமையல் கட்டும்தான் வீடு. நைட் முடித்து வந்தவர் காலை எட்டு மணிக்கு அந்த ஹாலில் படுப்பார். தாளுக்குத் தாள் நாலைந்து நாள் இடைவெளியில் பிள்ளையும் அதே ஹாலில்தான் படிக்க வேண்டும். ஜன்னலை மூடினால் அவளுக்கு வெளிச்சம் இல்லை, திறந்தால் இவருக்குத் தூக்கம் இல்லை. வாய்விட்டுப் படிக்கிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஏ ஷிப்ட். பகல் இரண்டு வரை வீடு பிள்ளைக்கு, மூன்றரைக்கு மேல் நீங்கள் கூட இருப்பீர்கள், இரவில் வீடே ஒன்றாகத் தூங்கும்.

அதனால் மனைவியையும் பிள்ளையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காலையில் அம்மாவோ தாத்தாவோ கூட்டிப்போக முடியும் என்றால் ஏ. யாருமே இல்லையென்றால் பி. ஜெனரல் ஷிப்ட் அலுவலகப் பக்கம் இருப்பவர்களுக்கு. உற்பத்தியில் இருப்பவர் அதைக் கேட்டால் அவருடைய இடத்தில் ஓர் ஆள் குறையும், லேசில் கிடைக்காது.

ஏ ஷிப்ட் என்று முடிவானால், மாற்றம் முதல் தேர்வுக்கு நாலைந்து நாள் முன்பே தொடங்கட்டும். நைட்டுக்குப் பழகிய உடம்பு முதல் இரண்டு மூன்று நாள் இரவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்குச் சொக்கும். அந்த நாட்கள் தேர்வு நாட்களாக இருக்கக் கூடாது.

மாற்றிக்கொள்ளும் ஆளை நீங்களே தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. நீங்கள் பகலுக்கு வந்தால் உங்கள் இடத்தில் இரவில் யாரோ நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்ற கேள்வியோடு இன்சார்ஜிடம் போனால் பதில் "பார்க்கலாம்" என்று வரும். ஆளோடு போனால் "எழுதிக் கொடு" என்று வரும்.

யாரைக் கேட்பது? உங்கள் வேலையைச் செய்ய அதே தகுதி உள்ளவரை மட்டும். நம் பாய்லர் நண்பர் விஷயத்தில் இது கண்டிப்பு. பாய்லர் பக்கத்தில் நிற்க அரசுச் சான்றிதழ் வேண்டும், பக்கத்துப் பம்ப் ஹவுஸ்காரர் எவ்வளவு நெருங்கிய சிநேகிதர் என்றாலும் நிற்க முடியாது. கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கும் இப்படித்தான். அந்த ஷிப்ட்டின் முதலுதவி ஆளாகவோ தீயணைப்புக் குழு ஆளாகவோ உங்கள் பெயர் போர்டில் இருந்தால், வருபவருக்கும் அந்தப் பயிற்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் கொடுத்த விண்ணப்பங்கள்தான் கடைசி நேரத்தில் திரும்பி வருகின்றன.

அடுத்து, அவருடைய வீட்டு நிலவரம். அவர் வீட்டிலும் பிளஸ் டூ பிள்ளை இருக்கலாம். பண்டிகையும் பாருங்கள். நண்பரின் ஆலையில் சான்றிதழ் உள்ளவர்கள் ஷிப்ட்டுக்கு ஒருவராக மூன்று பேர், கூட ஒரு ரிலீவர். மார்ச் 24 வாரத்தில் பி ஷிப்ட்டில் இருந்தவரை முதலில் கேட்டார். அவருக்கு அது நோன்பின் கடைசிப் பத்து, ராத்திரித் தொழுகை இருக்கிறது, 31-ஆம் தேதி ரம்ஜான். "இந்த வாரம் மட்டும் கேட்காதீங்க பாய், வேற எந்த வாரம்னாலும் நிக்கிறேன்" என்றார். நியாயம்தானே. பிறகு ஏ ஷிப்ட்காரரிடம் போனார்.

ஏ ஷிப்ட்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. காரணம் இருந்தது. சுற்றுப்படி ஏ வாரத்துக்கு முந்தைய வாரம் அவருக்குச் சி. இப்போது இந்த வாரமும் சி என்றால் தொடர்ந்து இரண்டு வாரம் நைட். சுற்று முறையில் யாரோடு மாற்றினாலும் இந்தச் சிக்கல் வரும். பி ஷிப்ட்காரராக இருந்தால் அடுத்த வாரம் அவருக்குச் சி, அப்போதும் இரண்டு வாரம் சேர்ந்துவிடும். ஆகையால் பதிலுக்கு என்ன தருவீர்கள் என்பதை அங்கேயே தேதியோடு பேசிவிட வேண்டும்.

"அண்ணே, பொண்ணுக்குப் பத்தாவது. 24-லேர்ந்து 29 வரைக்கும் என் சி-யை நீங்க பாத்துக்குங்க, உங்க ஏ-வை நான் பாக்குறேன். ஏப்ரல் 28 வாரம் உங்களுக்குச் சி வருது. அதை நான் எடுத்துக்குறேன், என் பி-க்கு நீங்க வந்துடுங்க."

"அதுக்கு அடுத்த வாரம் உனக்கே சி ஆச்சே? ரெண்டு வாரம் சேருமே?"

"சேரட்டும்ணே. பரீட்சை முடிஞ்சிடும்ல."

தான் படப்போகும் கஷ்டத்தை நண்பரும் படத் தயார் என்று தெரிந்ததும் ஏ ஷிப்ட்காரர் ஒத்துக்கொண்டார். நைட் அலவன்ஸ் பற்றியும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இரவில் நிற்பவருக்குத்தான் அது போகும். அந்த வாரம் உங்கள் சம்பளத்தில் அவ்வளவு குறையும், வீட்டிலும் சொல்லி வையுங்கள். அதற்கு மேல் கையிலிருந்து காசு கொடுத்து ஆள் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு தடவை விலை வைத்துவிட்டால், அடுத்து அவசரத்துக்குக் கேட்கிறவனும் அந்த விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

வார விடுமுறையை ஒட்டி மாறுங்கள்

ஷிப்ட் மாற்றம் வாரத்தின் நடுவில் வேண்டாம். காலை 6 மணிக்கு நைட் முடித்தவர் அதே நாள் ஏ ஷிப்ட்டில் தொடர முடியாது, பகல் 2 மணிக்கு வந்தால்கூடச் சரியான தூக்கம் இருக்காது. மாற்றிக்கொள்ளும் இருவரில் யாருக்கும் இரட்டை ஷிப்ட் வராதபடி கணக்குப் போட வேண்டும். ஏ பார்த்த ஆள் அன்று இரவே உங்கள் சி-க்கு வருவது என்று எழுதிக் கொடுத்தால் எந்த இன்சார்ஜும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்டுக்கு வார விடுமுறைக் கணக்கு வேறு. விடுமுறை ராத்திரி 12 மணிக்குத் தொடங்காது. ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். சனி இரவு சி-க்குப் போனவர் ஞாயிறு காலை 6 மணிக்கு முடிக்கிறார். திங்கள் காலை 6 மணிக்கு அந்த 24 மணி நேரம் முடிகிறது. அதாவது சி-யிலிருந்து நேராக ஏ-க்கு வருபவருக்கு வார விடுமுறை அந்த ஒரு நாளோடு சரி, ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லை. நிரந்தர நைட்காரர்கள் இதைக் கவனியுங்கள். ஞாயிறு பகலில் நான்கு மணி நேரம் மட்டும் படுத்துவிட்டு எழுந்துவிட்டால், இரவு ஒன்பதுக்கு மறுபடி தூக்கம் வரும், திங்கள் நாலரைக்கு எழ முடியும். ஞாயிறு சாயங்காலம் வரை தூங்கினால் திங்கள் வேலை நரகம்.

முதலில் வாயால், பிறகு தாளில்

நேராக எச்.ஆருக்குக் கடிதம் கொடுக்காதீர்கள். ஷிப்ட் போடுவது உங்கள் இன்சார்ஜ். தன்னைத் தாண்டிப் போன தாள் மேலிருந்து அவரிடமே திரும்பி வரும்போது, அவருக்கு அதைப் பிடிக்காமல் போவது இயல்பு. அடுத்த மாதச் சார்ட் எந்தத் தேதி வாக்கில் ஒட்டப்படுகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரமாவது முன்னதாக, ஷிப்ட் மாறும் பரபரப்பு இல்லாத நேரத்தில் போய்ச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்பவரும் கூட வந்தால் நல்லது. "எழுதிக் கொடு" என்றதும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆலையில் இதற்கென்று படிவம் இருந்தால் டைம் ஆபீஸில் கிடைக்கும். இல்லையென்றால் வெள்ளைத் தாள் போதும். நண்பர் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

அனுப்புநர்: பெயர், டோக்கன் எண், பாய்லர் பிரிவு
பெறுநர்: ஷிப்ட் இன்சார்ஜ் அவர்கள், பாய்லர் பிரிவு
பொருள்: 24.03.2025 முதல் 29.03.2025 வரை ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி கோருதல்

ஐயா,
என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். முதல் தேர்வு 28.03.2025 அன்று. 24.03.2025 முதல் 29.03.2025 வரை எனக்குரிய சி ஷிப்ட்டுக்குப் பதிலாக ஏ ஷிப்ட்டில் பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். அதே நாட்களில் ஏ ஷிப்ட்டில் உள்ள (பெயர், டோக்கன் எண்) எனக்காக சி ஷிப்ட் பார்க்கச் சம்மதித்துள்ளார். அவரும் பாய்லர் சான்றிதழ் பெற்றவர். இதற்குப் பதிலாக 28.04.2025 முதல் 03.05.2025 வரை அவருடைய சி ஷிப்ட்டை நானும், என்னுடைய பி ஷிப்ட்டை அவரும் பார்த்துக்கொள்கிறோம். இருவருக்கும் எந்த நாளிலும் தொடர் ஷிப்ட் வராது.
இணைப்பு: தேர்வு அட்டவணை நகல்.

இருவர் கையெழுத்து, தேதி.

இதில் வீட்டுக் கஷ்டம் எதுவும் இல்லை, பாருங்கள். சம்பளம், வீட்டு வாடகை, மனைவி உடல்நிலை எல்லாம் எழுத வேண்டியதில்லை. தேதி, யார் இடத்தில் யார், தகுதி, திரும்பக் கொடுக்கும் வாரம், இரட்டை ஷிப்ட் இல்லை என்ற உறுதி. கையெழுத்துப் போடுபவர் பார்ப்பது இவற்றைத்தான். பிள்ளை அந்தத் தேர்வு எழுதுகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டால் பள்ளியில் போனஃபைட் சான்று வாங்கிக் கொடுக்கலாம். ஹால் டிக்கெட் வந்ததும் அதன் நகலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் கிடைத்ததும் கையெழுத்திட்ட தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் லீவுக்குத் தனி விண்ணப்பம். ஈட்டிய விடுப்புக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்து வரும் கணக்கு இது: வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள், கேட்பது 15 நாளுக்கு முன்னால், எழுத்தில். ஏப்ரல் 10-க்கு வேண்டுமென்றால் மார்ச் 25-க்குள் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு தாளையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். அன்றைக்கு ரிலீவர் நின்றார்.

டைம் ஆபீஸில் இரண்டு பெயரும் மாறியதா?

அனுமதி கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. விரலையோ முகத்தையோ காட்டிப் பஞ்ச் செய்யும் இயந்திரத்துக்கு உங்கள் பிள்ளையின் தேர்வு தெரியாது. அதில் உங்களுக்குச் சி என்று இருந்தால், காலை 5.50-க்கு வைத்த பஞ்ச்சை எதிலும் சேர்க்காமல், அன்றைய நாளை ஆப்சென்ட் என்று போட்டுவிடும்.

நண்பர் விஷயத்தில் நடந்ததும் இதன் இன்னொரு பாதி. அவர் பெயரில் ஏ என்று மாற்றிவிட்டார்கள். மாற்றிக்கொண்ட அண்ணன் பெயரை மாற்ற விட்டுவிட்டார்கள். உதவி செய்தவருக்கு மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தது. செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். சம்பளக் கணக்கு மூடுவதற்குள் இன்சார்ஜ் கையெழுத்தோடு திருத்தல் சீட்டு கொடுத்ததால் பணம் போகவில்லை, ஆனால் மனிதர் கொஞ்சம் கசந்துகொண்டார். ஆகவே மாற்றம் தொடங்கிய இரண்டாம் நாள் டைம் ஆபீஸுக்குப் போய், இரண்டு டோக்கன் எண்ணையும் சொல்லி, முதல் நாள் வருகை விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். திரும்பக் கொடுக்கும் வாரத்திலும் இதையே செய்யுங்கள். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வாரியாகப் பெயர்ப் பட்டியல் இருந்தால் அங்கேயும் சொல்லி வைக்க வேண்டும்.

"எதுக்குத் தாளு, வாயாலயே மாத்திக்கலாம், நீ என் பேர்ல நில்லு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாய்லர் லாக் புத்தகத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டில் இல்லாத ஷிப்ட்டில் கை நசுங்கினால், நீங்கள் அந்த நேரத்தில் வேலையில்தான் இருந்தீர்கள் என்று ஈ.எஸ்.ஐ.யில் நிரூபிப்பதற்கே அலைய வேண்டியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கை வேறு.

முடியாது என்றால்

ஏன் முடியாது என்று கேளுங்கள், கோபமில்லாமல். அந்த வாரம் ஷட் டவுன் வேலை, ஏற்கெனவே இருவர் லீவு, வருகிற ஆளுக்குத் தகுதி இல்லை. இப்படி ஏதாவது குறிப்பான காரணம் வந்தால் அதற்கேற்ப வேறு ஆளையோ வேறு தேதியையோ கொண்டு போகலாம். ஒரு வாரம் கிடைக்கவில்லை என்றால், கடினமான தாளுக்கு முந்தைய இரவை மட்டும் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அது கணிதமும் அறிவியலும். அதற்கு இரண்டு நாள் விடுப்பு போதும், ஷிப்ட் மாற்றமே வேண்டாம். ஒரு கணக்கு மட்டும் தவறாதீர்கள்: தேர்வு 7-ஆம் தேதி காலை என்றால், நைட்காரர் லீவு போட வேண்டியது 6-ஆம் தேதி இரவு தொடங்கும் ஷிப்ட்டுக்கு. 7 என்று எழுதிக் கொடுத்தால், தேர்வுக்கு முந்தைய இரவு ஆலையிலும் தேர்வு முடிந்த இரவு வீட்டிலும் இருப்பீர்கள்.

காரணமே சொல்லாமல் தட்டிக் கழித்தால் தொழிற்சங்கப் பிரதிநிதியைக் கூட்டிப் போகலாம். ஆனால் முதல் தடவையே அவரோடு போனால், சாதாரண வேண்டுகோள் தகராறாக மாறிவிடும். இன்சார்ஜ், பிறகு துறை மேலாளர், அதன் பிறகுதான் சங்கம்.

கான்ட்ராக்ட்டில் இருப்பவர்கள்

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல். ஆலையின் இன்சார்ஜ் உங்களை வேலை வாங்கினாலும் உங்கள் முதலாளி ஒப்பந்ததாரர். தாள் அவருடைய சூப்பர்வைசர் பெயருக்குத்தான் போக வேண்டும், ஆலை இன்சார்ஜுக்கு வாயால் சொல்லி வைக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் சொன்னால் மற்றவர் "எனக்குத் தெரியாது" என்பார், நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கிடங்குகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி பார்ப்பவர்கள் இரவு 8 முதல் காலை 8 வரை நிற்கிறார்கள். அங்கே ஏ, பி கிடையாது, பகல் ஆளோடுதான் மாற வேண்டும். மாறினால் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வீட்டில் இருக்க மாட்டீர்கள், பிள்ளையைக் கொண்டு விடவும் முடியாது. அதனால் அவர்களுக்கு முழு மாற்றத்தைவிட, தேர்வுக்கு முந்தைய இரவுகளில் மட்டும் ரிலீவரைப் போடச் சொல்வதே தோதாக இருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஐந்து தேதிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாள் முன்னால் போன் போட்டு ஆள் உறுதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று ஆள் வந்து சேராமல் பாயிண்ட்டை விட்டு நகர முடியாது என்பதால், பேசும்போதே வருகிறவரின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.